ஐயாயிரமா, சதுர அடிக்கு ஐந்தா?

ஏப்ரல் முதல் ஞாயிறு. கார் நிறுத்தும் தரைத்தளத்தில் நாலு காரை வெளியே எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு அசோசியேஷன் கூட்டம். வரவு செலவை டிரஷரர் வாசித்து முடிப்பதற்குள் ஒரு படுக்கையறை வீட்டுக்காரர் எழுந்து நிற்கிறார். "சார், என் வீடு அறுநூத்தி அம்பது சதுர அடி. மேல மூணு பெட்ரூம் வீடு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல. ரெண்டு பேரும் ஒரே ஐயாயிரம்னா எப்படி சார் நியாயம்?" மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கும் பெரியவர் அங்கேயே பதில் சொல்கிறார். "தம்பி, வீட்டுல நானும் என் மனைவியும் மட்டும்தான். வாட்ச்மேன் எனக்குன்னு ரெண்டு தடவை கேட் திறக்கிறாரா?"

சென்னையில் அபார்ட்மெண்டில் குடியிருக்கும் யாருக்கும் இந்தப் பேச்சு புதிதல்ல. இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருப்பதால்தான் இது வருடா வருடம் தீராமல் திரும்பி வருகிறது. ஒருவர் வீட்டின் அளவைப் பேசுகிறார், மற்றவர் வீட்டில் இருப்பவர்களைப் பேசுகிறார். மாத மெயின்டனன்ஸ் என்ற ஒரே தொகைக்குள் இரண்டுமே கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்காமல் 'சமமா, சதுர அடியா' என்று கைதூக்கச் சொன்னால், எந்தப் பக்கம் எண்ணிக்கை அதிகமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். கணக்கு அப்படியே குழம்பிக் கிடக்கும்.

பிரித்துப் பார்க்க ஒரு கட்டடம் வேண்டும். 4 கிரவுண்டு மனை, 20 வீடுகள், ஒரு லிஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். 650 சதுர அடியில் ஆறு வீடுகள், 1,000 சதுர அடியில் பத்து, 1,525 சதுர அடியில் நாலு. கூட்டினால் சரியாக 20,000 சதுர அடி. கணக்குக்கு வசதியாக எண்களை முழுமையாக்கியிருக்கிறோம், ஆனால் சென்னையின் நடுத்தர அபார்ட்மெண்ட் ஒன்றின் செலவு ஏறக்குறைய இந்த வடிவத்தில்தான் இருக்கும்.

மாதச் செலவு இது. பகலுக்கும் இரவுக்குமாக வாட்ச்மேன்கள், 30,000 ரூபாய். கூட்டித் துடைப்பது, குப்பை எடுப்பது, 14,000. மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு எல்லாவற்றுக்குமான பொது இ.பி. பில் 13,000. பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும் என்பதால் இது அதில் பாதி. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் 5,000, ஜெனரேட்டர் டீசலும் சர்வீஸும் 4,000, கணக்கு எழுதுபவர், ஆடிட்டர், வங்கிச் செலவு 2,000. தண்ணீர் லாரி, தொட்டி கழுவுதல் எல்லாம் சேர்த்து 16,000. பிளம்பர், எலக்ட்ரீஷியன், குழாய் உடைப்பு மாதிரி சில்லறை ரிப்பேர் 6,000. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆறு லட்சம் ஆகும் என்று மதிப்பீடு வாங்கி, அதை அறுபது மாதங்களுக்குப் பிரித்து மாதம் 10,000 சேமிப்பு. மொத்தம் ஒரு லட்சம்.

இதை இருபதால் வகுத்தால் வீட்டுக்கு 5,000. மொத்தச் சதுர அடியால் வகுத்தால் சதுர அடிக்கு 5 ரூபாய். அப்போது சின்ன வீட்டுக்கு 3,250, நடு வீட்டுக்கு அதே 5,000, பெரிய வீட்டுக்கு 7,625. நடுவில் இருக்கும் பத்து வீடுகளுக்கு எந்த முறை வந்தாலும் ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை. ஆறு சின்ன வீடுகளும் நாலு பெரிய வீடுகளும் மட்டும்தான் மோதுகின்றன, ஆனால் கைதூக்கும்போது முடிவைச் சொல்வது அந்தப் பத்து வீடுகள். தங்களுக்கு லாப நட்டம் இல்லாத விஷயத்தில் அவர்கள் பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். உண்மையில் கணக்கை நிதானமாகப் பார்த்துச் சொல்லத் தகுதியானவர்கள் அவர்கள்தான்.

ஒவ்வொரு செலவிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். 'எது கூடினால் நீ கூடுவாய்?'

வாட்ச்மேன் சம்பளம் சதுர அடியால் கூடுவதில்லை. கட்டடத்துக்கு ஒரு கேட். அதன் பக்கத்தில் ஒருவர் பகலில் நிற்க வேண்டும், ஒருவர் இரவில் நிற்க வேண்டும். 1,525 சதுர அடி வீட்டுக்குக் கூரியர் வந்தாலும் 650 சதுர அடி வீட்டுக்கு வந்தாலும் இன்டர்காமில் கூப்பிடும் வேலை ஒன்றுதான். படிக்கட்டு பெருக்குவதும் அப்படியே. துடைப்பம் படுவது எல்லாரும் நடக்கிற இடத்தில், வீட்டுக்குள் இல்லை. லிஃப்ட் ஒப்பந்தத்தை நிறுவனம் எத்தனை மாடி, என்ன மாடல் என்று பார்த்து விலை சொல்லுமே தவிர, வீட்டு அளவைக் கேட்பதில்லை. பொது விளக்குகளுக்கும் லிஃப்டுக்கும் மட்டும் ஓடும் ஜெனரேட்டரும் இந்தப் பட்டியல்தான். ஆனால் ஜெனரேட்டர் லைன் வீட்டுக்குள்ளும் கொடுக்கப்பட்டிருந்து, பெரிய வீட்டுக்கு இரண்டு மடங்கு லோடு ஒதுக்கியிருந்தால் கதை மாறும். அப்போது டீசலை ஒதுக்கிய லோடு விகிதத்தில் பிரிப்பதே சரி.

தண்ணீரிடம் கேட்டால் அது ஆட்களைக் காட்டும். குளிப்பவர், துவைப்பவர், பாத்திரம் கழுவுபவர் எண்ணிக்கைதான் சம்ப்பைக் காலி செய்கிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வறண்டபோது, அதுவரை மெயின்டனன்ஸுக்குள் ஒரு மூலையில் கிடந்த தண்ணீர்ச் செலவு பல கட்டடங்களில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. லாரிக்குக் காத்துக் கிடந்த அந்த வாரங்களில்தான் 'பூட்டிக் கிடக்கிற வீடும் ஆறு பேர் இருக்கிற வீடும் ஒரே தொகையா' என்ற கேள்வி பல அசோசியேஷன்களில் சத்தமாகக் கேட்டது.

வீட்டு வாசலில் மீட்டர் வைத்துவிட்டால் இந்தச் சண்டையே இல்லை. பழைய கட்டடங்களில் அது சுலபமல்ல. மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் தனித்தனியாக ஒரு குழாய் என்று வேறு வேறு இடங்களில் இறங்கும். ஒரே வீட்டுக்கு மூன்று நாலு மீட்டர் தேவைப்படும். அதனால் பலர் தலைக்கணக்குக்கு வருகிறார்கள். அது துல்லியமான அளவு அல்ல. ஊரிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்து கோடை முழுக்கத் தங்கினால் சேர்ப்பதா என்ற பேச்சு வரும். தொடர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் தங்குபவர் கணக்கில் சேர்வார் என்று ஒரு வரியை முன்கூட்டியே தீர்மானத்தில் எழுதிவிட்டால் அந்தப் பேச்சு பெரும்பாலும் அடங்கும்.

சதுர அடிக்கு உண்மையிலேயே பதில் சொல்வது பெயிண்டும், மொட்டைமாடி நீர்க்கசிவுத் தடுப்பும், குழாய்களை மாற்றும் வேலையும். இவை கட்டடம் என்ற சொத்தைக் காப்பாற்றும் செலவுகள். பெரிய வீட்டுக்கு வெளிச்சுவர் அதிகம், ஜன்னல் அதிகம், அதன் தலைக்கு மேலே இருக்கும் கூரையும் அகலம். விற்கும்போது விலையும் அந்த அளவில்தான் வரும். எந்தக் கட்டடத்திலும் முதலில் இந்தச் செலவையாவது சதுர அடிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஆறு லட்சம் ரூபாய் பெயிண்ட் வேலையைச் சமமாகப் பிரித்தால் எல்லாருக்கும் 30,000. சதுர அடியில் பிரித்தால் சின்ன வீட்டுக்கு 19,500, பெரிய வீட்டுக்கு 45,750. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் மாதக் கட்டணத்தில் தெரியாது. சேமிக்காமல் விட்டுவிட்டு ஒரே நாளில் வசூல் செய்யப் போகும்போதுதான் தெரியும்.

இப்போது செலவுகளை மூன்று பாத்திரத்தில் போடலாம். வாட்ச்மேன், துப்புரவு, பொது மின்சாரம், லிஃப்ட் ஒப்பந்தம், ஜெனரேட்டர், கணக்கு எல்லாம் முதல் பாத்திரத்தில், 68,000. இருபதால் வகுத்தால் வீட்டுக்கு 3,400. ரிப்பேரும் பெயிண்ட் சேமிப்பும் இரண்டாவதில், 16,000. 20,000 சதுர அடியால் வகுத்தால் சதுர அடிக்கு 80 காசு. தண்ணீர் மூன்றாவதில், 16,000. கட்டடத்தில் 64 பேர் என்றால் தலைக்கு 250.

650 சதுர அடியில் இரண்டு பேர் இருந்தால் 3,400, அதோடு 520, அதோடு 500, ஆக 4,420. 1,000 சதுர அடியில் மூன்று பேர் என்றால் 3,400, 800, 750, ஆக 4,950. 1,525 சதுர அடியில் ஐந்து பேர் என்றால் 3,400, 1,220, 1,250, மொத்தம் 5,870. சின்ன வீட்டுக்குச் சமப் பங்கைவிடக் குறைவு, பெரிய வீட்டுக்குக் கூடுதல். ஆனால் முழுக்கச் சதுர அடியில் போட்டபோது வந்த 3,250க்கும் 7,625க்கும் இடையிலிருந்த பள்ளம் இதில் இல்லை.

கூட்டத்தில் எழுந்து நின்ற இருவரையும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவந்து பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. ஒரு படுக்கையறை வீட்டுக்காரரோடு மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா இருந்து மொத்தம் ஐந்து பேர் என்றால் அவருக்கு 5,170 ரூபாய். மூன்று படுக்கையறை வீட்டில் இரண்டே பேராக இருக்கும் பெரியவருக்கு 5,120. பாதிக்கும் குறைவான அளவுள்ள வீடு ஐம்பது ரூபாய் அதிகம் கட்டுகிறது. இது கேட்பதற்கு உறுத்தலாக இருக்கலாம். ஆனால் எந்த ரூபாய் எதற்கு என்று வரிவரியாகக் காட்ட முடிகிறது, மறுப்பவர் எந்த வரியை மறுக்கிறார் என்றும் சொல்ல முடிகிறது. மொட்டையாக ஒரு தொகையைச் சொல்லும்போது அந்த வசதி யாருக்கும் கிடைப்பதில்லை.

பொது இ.பி. பில்லில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி தண்ணீர் ஏற்றும் மோட்டாருடையது. நியாயப்படி அது தண்ணீர்ப் பாத்திரத்தில் விழ வேண்டும். மோட்டாருக்குத் தனியாக ஒரு சப் மீட்டர் வைத்தால் எத்தனை யூனிட் என்று பார்த்துப் பிரித்துவிடலாம். அது இல்லாத இடத்தில் உத்தேசமாகப் பிரித்து இன்னொரு விவாதத்தைத் தொடங்குவதைவிட, முதல் பாத்திரத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

சதுர அடி என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம், எந்தச் சதுர அடி என்பதில்தான் பல அசோசியேஷன்கள் தடுக்கி விழுகின்றன. ஒரே வீட்டுக்கு மூன்று எண் இருக்கும். கார்ப்பெட் ஏரியா என்பது வீட்டுக்குள் உபயோகிக்கக்கூடிய தரைப்பரப்பு. 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உள் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. வெளிச்சுவரையும் பால்கனியையும் சேர்த்தால் பிளிந்த் ஏரியா. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் ஒரு பங்கை ஏற்றி விளம்பரத்தில் போடுவது சூப்பர் பில்ட்-அப். ரெரா வருவதற்கு முன்பு வாங்கியவர் கையில் பெரும்பாலும் கடைசி எண் இருக்கும். அண்மையில் மறுவிற்பனையில் வாங்கியவர் முதல் எண்ணைச் சொல்வார்.

நம் கட்டடத்தில் நாலு பெரிய வீட்டுக்காரர்களும் 1,525க்குப் பதிலாகக் கார்ப்பெட் அளவான 1,150ஐ எழுதிக் கொடுத்தார்கள், மற்றவர்கள் பழைய எண்ணையே கொடுத்தார்கள் என்று வையுங்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பட்டியலில் 1,500 சதுர அடி காணாமல் போய்விட்டது. சதுர அடிக்கு 5 ரூபாய் முறையில் வசூலித்தால் மாதம் 7,500, வருடம் 90,000 ரூபாய் துண்டு விழும். டிரஷரர் அதை ஈடுகட்ட விகிதத்தை 5 ரூபாய் 41 காசாக ஏற்றுவார், சின்ன வீட்டுக்காரருக்குக் காரணம் புரியாமல் கட்டணம் கூடும். எந்த அளவை எடுத்தாலும் எல்லா வீட்டுக்கும் ஒரே வகை அளவாக இருக்க வேண்டும். கூட்டுத்தொகை அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.

இந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு யு.டி.எஸ். இருக்கிறது. பிரிக்கப்படாத நிலத்தில் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கு, கிரயப் பத்திரத்திலேயே அச்சாகியிருக்கும் எண். 4 கிரவுண்டு என்றால் 9,600 சதுர அடி. நம் கட்டடத்தில் 1,000 சதுர அடி வீட்டுக்கு 480, சின்ன வீட்டுக்கு 312, பெரிய வீட்டுக்கு 732 என்று ஒழுங்காகப் பிரிந்திருந்தால், வீட்டு அளவில் போட்டாலும் நிலப்பங்கில் போட்டாலும் விடை ஒன்றேதான். எல்லாப் பத்திரங்களிலும் உள்ள பங்கைக் கூட்டினால் மொத்த மனை அளவு வருகிறதா என்பதுதான் சோதனை. குறைந்தால், மிச்ச நிலம் இன்னும் கட்டியவர் பெயரிலோ முன்னாள் மனை உரிமையாளர் பெயரிலோ நிற்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிப்பது மெயின்டனன்ஸைவிடப் பெரிய விஷயம். நாளை கட்டடத்தை இடித்துக் கட்டும்போது ஒவ்வொருவர் கைக்கும் வருவது இந்தப் பங்கின்படிதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால் மகாராஷ்டிரத்தைப் பார்ப்பது பயன் தரும். அங்கே இரண்டு வகை அமைப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கமாகப் பதிவான கட்டடங்களில், மாதிரி துணைவிதிகளின்படி வாட்ச்மேன், துப்புரவு போன்ற சேவைக் கட்டணம் எல்லா வீட்டுக்கும் சமம், தண்ணீர் மட்டும் வீட்டில் உள்ள குழாய்களின் எண்ணிக்கைப்படி. 1970 அபார்ட்மெண்ட் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் கட்டடங்களில் பொதுச் செலவு ஒவ்வொருவரின் பிரிக்கப்படாத பங்கின் விகிதத்தில். 2025இல் புனே குடியிருப்பு ஒன்றின் வழக்கில் இந்த இரண்டாவது விதியைத்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. பெரிய வீட்டுக்காரர்கள் சமப் பங்கு கேட்டார்கள், நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆக, ஒரே நகரத்தில் ஒரே அளவுள்ள இரண்டு வீடுகள் வேறு வேறு முறையில் கட்டணம் செலுத்தலாம். எந்தச் சட்டத்தின் கீழ் பதிவு, துணைவிதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முதல் கேள்வி.

தமிழ்நாட்டில் 1994 அபார்ட்மெண்ட் உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022 சட்டம் வந்து, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. நடைமுறையில் பல அசோசியேஷன்கள் 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. அதனால் பீரோவில் இருக்கும் துணைவிதி நகலை எடுத்துப் பராமரிப்புக் கட்டணம் பற்றிய வரியைப் படிக்காமல் கூட்டத்தில் ஓட்டெடுப்புக்குப் போகக் கூடாது. துணைவிதியில் ஒரு முறை எழுதியிருந்து, கூட்டத்தில் வேறு முறையைத் தீர்மானம் போட்டால், பாதிக்கப்பட்டவர் கேள்வி கேட்கும்போது அந்தத் தீர்மானம் நிற்காது. மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்துச் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்றி, திருத்தத்தைப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும்.

கட்டணத்தைப் பிரிக்கும் முறை வரியையும் மாற்றும். ஒரு உறுப்பினரின் மாதக் கட்டணம் 7,500 ரூபாயைத் தாண்டி, அசோசியேஷனின் ஆண்டு வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால்தான் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. இரண்டு நிபந்தனையும் சேர்ந்து நிறைவேற வேண்டும். நம் இருபது வீட்டுக் கட்டடத்தின் வரவு வருடம் 12 லட்சம்தான், அதனால் 7,625 கட்டும் பெரிய வீட்டுக்கும் வரி இல்லை. இதே கட்டணத்தோடு நாற்பது வீடுகள் இருந்திருந்தால் வரவு 24 லட்சமாகி, பெரிய வீடுகள் மட்டும் வரிக்குள் விழும். 7,500க்கு மேல் போனால் முழுத் தொகைக்கும் வரி என்று 2019 ஜூலையில் மத்திய அரசின் சுற்றறிக்கை சொன்னது. அப்படியானால் 1,372 ரூபாய் 50 காசு. மேலே உள்ள தொகைக்கு மட்டும்தான் வரி என்று 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி 125 ரூபாய்க்கான வரி, 22 ரூபாய் 50 காசு. மூன்று பாத்திர முறையில் அதே வீட்டுக்கு 5,870 என்பதால் இந்தக் கேள்வியே எழாது. எல்லை அருகே நிற்கும் அசோசியேஷன்கள் கட்டணத்தை நிர்ணயிப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

தரைத்தளத்தில் இருப்பவர் 'நான் லிஃப்டில் ஏறுவதே இல்லை' என்பார். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி அவருக்கும் சேர்த்துத்தான். மேல் மாடிக்காரர் 'தரையில் தண்ணீர் தேங்கினால் எனக்கென்ன' என்று திருப்பிச் சொல்ல முடியும். பொது வசதியை நான் பயன்படுத்துவதில்லை என்று சொல்லி ஒருவர் தன் பங்கிலிருந்து விலக முடியாது என்று மகாராஷ்டிரம், கர்நாடகம் போன்ற மாநிலங்களின் அபார்ட்மெண்ட் சட்டங்கள் வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கின்றன. ஒரு செலவில் ஒருவரை விலக்கினால் அடுத்த மாதம் இன்னொரு செலவில் இன்னொருவர் வந்து நிற்பார்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மூன்று பாத்திரத்திலேயே பதில் இருக்கிறது. பிள்ளையோடு அமெரிக்கா போயிருக்கும் தம்பதிக்குத் தண்ணீர் வரி பூஜ்யம். ஆனால் அவர்கள் வீட்டுக் கதவையும் வாட்ச்மேன் பார்த்துக்கொள்கிறார், அவர்கள் சுவருக்கும் பெயிண்ட் அடிக்கப்படுகிறது. அதனால் 1,525 சதுர அடி வீடாக இருந்தால் 4,620 ரூபாய் தொடரும்.

வாடகைக்கு இருப்பவர் விஷயத்தில் இந்தப் பிரிவு இன்னும் உதவும். இன்று பல வீடுகளில் வாடகைக்காரர் முழு மெயின்டனன்ஸையும் கட்டுகிறார். அதற்குள் பெயிண்ட் சேமிப்பும் சேர்ந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பதினொரு மாதத்தில் காலி செய்துகொண்டு போகிறவர், ஐந்து வருடம் கழித்து அடிக்கப்போகும் பெயிண்டுக்குப் பணம் கட்டியிருக்கிறார். முதல் பாத்திரமும் தண்ணீரும் குடியிருப்பவருடையவை, சதுர அடிப் பாத்திரத்தில் சேமிப்பு உரிமையாளருடையது. ரசீதில் இந்த வரிகள் தனித்தனியாக இருந்தால் வாடகை ஒப்பந்தத்திலேயே யார் எதைக் கட்டுவது என்று எழுதிவிடலாம். சேமிப்பைத் தனி வங்கிக் கணக்கில் வைப்பது அதனாலும் அவசியம். நடப்புச் செலவுக் கணக்கிலேயே கிடந்தால் ஒரு கோடையின் தண்ணீர் லாரியில் அது கரைந்துவிடும்.

இந்த முறைக்கு மாற நினைக்கும் டிரஷரருக்கு வேலை பாஸ்புக்கிலிருந்து தொடங்குகிறது. முந்தைய ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு மாதச் செலவையும் எடுக்க வேண்டும். மே மாதத்தை மட்டும் பார்த்தால் தண்ணீர் அதிகமாகத் தெரியும், டிசம்பரை மட்டும் பார்த்தால் தண்ணீரே இல்லை என்று தோன்றும். மோட்டார் எரிந்து புதிதாக வாங்கியது, கேமரா வைத்தது மாதிரி ஒரு தடவைச் செலவுகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். நம் கணக்கில் வந்த ஒரு லட்சம் அப்படி வந்த எண்தான். வருட முடிவில் எந்தப் பாத்திரத்தில் மிச்சம், எதில் குறை என்று காட்டி, அடுத்த வருட விகிதத்தில் சரிசெய்தால் போதும். நடுவில் இரண்டு வீட்டுக்காரர்கள் கட்டாமல் இழுத்தடித்தால் அதை மற்றவர்களின் விகிதத்தில் ஏற்றாமல் நிலுவை என்றே காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பாக்கி வைத்தவரின் கடனை அவருக்கே தெரியாமல் மற்ற பதினெட்டு வீடுகள் அடைத்துக்கொண்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு டிரஷரர் ஒரு தாளைக் கொண்டுவரலாம். இருபது வரிசை, ஒவ்வொரு வீட்டுக்கும் சதுர அடி, ஆட்கள் எண்ணிக்கை, மூன்று பாத்திரத் தொகை, கடைசியில் இப்போது கட்டும் 5,000க்கும் புதிய தொகைக்கும் உள்ள வித்தியாசம். கூடுபவர்களுக்கு அதிகபட்சம் எவ்வளவு கூடுகிறது என்று அதில் தெரிந்துவிடும். ஐந்து பேர் இருக்கும் பெரிய வீட்டுக்கு மாதம் 870 ரூபாய். அதைக்கூட ஒரே அடியாக ஏற்றாமல் முதல் வருடம் பாதி, அடுத்த வருடம் மீதி என்று வைத்துக்கொள்ளலாம், இடையில் வரும் குறையைச் சின்ன வீடுகளுக்கான குறைப்பையும் பாதியாக்கி ஈடுகட்டலாம். தாளை லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே ஒட்டிவிட்டால், தங்கள் வரியில் சதுர அடியோ தலைக்கணக்கோ தப்பாக இருக்கிறது என்று சொல்ல வருபவர்கள் அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே வாட்ச்மேன் மேசையில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போவார்கள்.